நைன் ஆஃப் கப்ஸ்: நிறைவு யாருக்கு, எத்தனை நாளைக்கு?

கேள்வி: எனக்கு 29 வயது, சென்னையில் வேலை. மூன்று ஆண்டுகளாக ஒருவரை விரும்புகிறேன். இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். முதலில் வீடு வாங்கிவிட்டுத்தான் திருமணம் என்கிறார் அவர். ‘இந்த உறவு எனக்கு நிலையான மனநிறைவைத் தருமா?’ என்று கேட்டு, டாரட் கார்டுகளைப் பத்து இடங்களில் வைக்கும் கெல்டிக் கிராஸ் விரித்தேன். வரிசையாக வந்தவை: டூ ஆஃப் கப்ஸ், குறுக்கே ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ், மேலே டென் ஆஃப் கப்ஸ், கீழே சிக்ஸ் ஆஃப் கப்ஸ், பின்னால் எய்ட் ஆஃப் கப்ஸ், முன்னால் நைட் ஆஃப் பென்டக்கிள்ஸ், ஏழாவது ஃபோர் ஆஃப் கப்ஸ், எட்டாவது ஹைரோஃபன்ட், ஒன்பதாவது ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், முடிவு இடத்தில் நைன் ஆஃப் கப்ஸ். எல்லாம் நேராகவே வந்தன. ‘விஷ் கார்டு வந்துவிட்டது, இனி என்ன கவலை’ என்கிறாள் தோழி. எனக்கோ, படத்தில் ஒரே ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருப்பது உறுத்துகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்:

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. உங்கள் உறுத்தலில் மீதிப் பாதி இருக்கிறது. நீங்கள் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். மனநிறைவு கிடைக்குமா என்பது ஒன்று, அது நிலைக்குமா என்பது இன்னொன்று. நைன் ஆஃப் கப்ஸ் முதல் கேள்விக்கு டாரட்டில் இருக்கும் மிகத் தெளிவான ‘ஆம்’களில் ஒன்று. இரண்டாவது கேள்விக்கு அது வாயே திறப்பதில்லை. அந்தப் பதிலை மற்ற ஒன்பது கார்டுகளிடமிருந்துதான் வாங்க வேண்டும். உங்கள் விரிப்பில் அவை நிறையவே பேசுகின்றன.

முதலில் படத்தைப் பார்ப்போம். நீங்கள் பார்த்தது பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, ஏ. இ. வெய்ட் வழிகாட்டலில் 1909-இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டு. அதன் மறுபதிப்புகள்தான் இன்று சென்னையில் பெரும்பாலானோர் கையில் இருக்கின்றன. மர இருக்கையில் ஒருவர் கால்களை அகற்றி, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் சிவப்புத் தொப்பி, வயிறு நிறைந்த களை. பின்னால் நீலத் துணி போர்த்திய வளைந்த மேடையில் ஒன்பது கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். மனநிறைவு வரை உண்டு முடித்தவர், பின்னால் இருக்கும் மது எதிர்காலத்துக்கும் குறைவில்லை என்று காட்டுகிறது என்பதுதான் வெய்ட்டின் விளக்கம். அதே இடத்தில் அவர் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார்: இந்தப் படம் பொருள் சார்ந்த பக்கத்தை மட்டுமே காட்டுகிறது, வேறு பக்கங்களும் உண்டு. பலன் பட்டியலிலோ ‘கேட்டு வந்தவருக்குத் திருப்தி’ என்று தனியாகவே எழுதியிருக்கிறார். கேட்டு வந்தவருக்கு என்பதைக் கவனியுங்கள். கேட்டவரின் துணைக்கு என்றோ, இருவருக்கும் என்றோ அவர் எழுதவில்லை.

வெய்ட்டும் ஸ்மித்தும் உறுப்பினராக இருந்த கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கம் இந்தக் கார்டுக்கு வைத்த பட்டமும் இதே திசையில்தான் போகிறது: பொருள்சார் இன்பத்தின் அதிபதி. கப்ஸ் வரிசை முழுவதையும் உணர்வின் வரிசையாக நினைத்துப் பழகியவர்களுக்கு இது சற்று அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் உணர்வும் ஒரு கட்டத்தில் கையில் பிடிக்கக்கூடிய வடிவத்துக்கு வந்தாக வேண்டும் அல்லவா? வீடு, வருமானம், உடல் நலம், நாலு பேர் மதிக்கும் குடும்பம் என்று. அந்தக் கட்டத்தின் கார்டு இது. பொருள்சார் என்றதும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. மாதக் கடைசியில் கையைப் பிசையாத வீட்டில் பல சண்டைகள் பிறப்பதே இல்லை.

தனியாக இருக்கும் அந்த ஆளைப் பற்றி உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் அவரைத் தனிமையின் அடையாளமாகப் படிக்காதீர்கள். டாரட்டில் தனிமைக்கு வேறு கார்டுகள் இருக்கின்றன. இங்கே ஒருவர் மட்டும் இருப்பதற்குக் காரணம், திருப்தி என்பது ஒருவர் தனக்குள் உணர்வது என்பதுதான். இன்னொருவரின் திருப்தியைப் பற்றி இந்தக் கார்டுக்கு எந்தச் செய்தியும் இல்லை. இதோடு டென் ஆஃப் கப்ஸை வைத்துப் பாருங்கள். வானவில்லில் பத்துக் கிண்ணங்கள், கீழே கணவனும் மனைவியும் ஒரு கையால் ஒருவரையொருவர் அணைத்து, மறு கையை உயர்த்தி நிற்கிறார்கள். பக்கத்தில் இரண்டு குழந்தைகள் ஆடுகிறார்கள், தூரத்தில் வீடு. ஒன்பதில் கிண்ணங்கள் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. பத்தில் அவை எல்லோர் தலைக்கு மேலும் இருக்கின்றன, யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கார்டு அந்தப் பத்துதான். அது உங்கள் விரிப்பிலேயே வந்திருக்கிறது, ஆனால் முடிவு இடத்தில் வரவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘விஷ் கார்டு’ என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண சீட்டுக்கட்டில் குறி பார்க்கும் வழக்கத்தில் ஹார்ட்டின் ஒன்பதை விருப்பம் நிறைவேறும் சீட்டு என்பார்கள். டாரட்டில் கப்ஸ்தான் ஹார்ட்டுக்கு இணை, அதனால் அந்தப் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. பெயரில் தவறில்லை. ஆனால் விஷ் கார்டு வந்தால் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் அதைக் கேட்பதில்லை: எந்த விருப்பம்? வாயால் கேட்ட கேள்வியில் உள்ள விருப்பமா, உள்ளே ஊறிக்கொண்டிருக்கும் விருப்பமா? கெல்டிக் கிராஸில் இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. ஒன்பதாவது இடம், நம்பிக்கைகளும் அச்சங்களும். முடிவு இடத்தில் நைன் ஆஃப் கப்ஸ் வந்தால் நான் முதலில் திரும்பிப் பார்ப்பது அதைத்தான்.

உங்களுக்கு அங்கே ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் வந்திருக்கிறது. நான்கு கோல்கள் நட்டு மேலே பூமாலை கட்டிய படம். பின்னால் கோட்டை, இரண்டு பெண்கள் பூச்செண்டுகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு இது பந்தல்காலும் மாவிலைத் தோரணமும்தான். டாரட் படிப்பவர்கள் பரவலாகத் திருமணக் கார்டு என்று சொல்வதும் இதையே. ஆக, உங்கள் வாய் கேட்டது நிலையான மனநிறைவு, மனம் வேண்டியது திருமணம் நடந்துவிட வேண்டும் என்பது. மூன்று ஆண்டுகள் காத்திருந்து, ‘வீடு வாங்கிய பிறகு’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இது இயல்பானதே. நைன் ஆஃப் கப்ஸ் இந்த விருப்பத்துக்குத்தான் ‘ஆம்’ சொல்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். கல்யாணம் நடக்கும், சபையில் மனம் நிறைய உட்காருவீர்கள். அதற்கு மறுநாள் காலையிலிருந்து தொடங்கும் வாழ்க்கையைப் பற்றி முடிவுக் கார்டு பேசவில்லை.

இங்கே முடிவு இடம் என்றால் என்ன என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மெரினாவில் கிளி எடுத்துத் தரும் சீட்டு ஒன்றே முழுப் பலன். அதில் என்ன படம் வந்ததோ அதுவே தீர்ப்பு. டாரட் விரிப்பின் பத்தாவது கார்டு அப்படிப்பட்டதல்ல. வெய்ட் அதை வரையறுக்கும்போது, விரிப்பில் முன்னால் வந்த கார்டுகள் காட்டும் செல்வாக்குகளால் விளைவது என்றே சொல்கிறார். அதாவது ஒன்பது கார்டுகளும் இதே போக்கில் போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. முன்னால் உள்ளவை மாறினால் அதுவும் மாறும். அதனால் முடிவுக் கார்டை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி ‘நல்லதா கெட்டதா’ என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நீங்கள் பத்தையும் எழுதியது நல்லதாயிற்று.

இப்போது உங்கள் விரிப்புக்குள் போவோம். நடுவில் டூ ஆஃப் கப்ஸ். இருவர் எதிரெதிரே நின்று கிண்ணங்களை நீட்டிக்கொள்ளும் கார்டு. உறவு இன்று உண்மையானது, ஒருதலையானது அல்ல. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதன் குறுக்கே ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ் விழுந்திருக்கிறது. அந்த ஆள் ஒரு நாணயத்தை மார்போடு கட்டிப் பிடித்திருக்கிறார், ஒன்று தலையில், இரண்டு கால்களுக்கு அடியில். பின்னால் ஒரு நகரம். அசைந்தால் ஏதாவது ஒன்று விழுந்துவிடும் என்பதால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கதையில் இது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்பணம், வங்கிக் கடன், மாதத் தவணை, எந்தப் பகுதியில் எத்தனை சதுர அடி என்ற கணக்கு இருவரின் பேச்சையும் பிடித்து வைத்திருக்கிறது. குறுக்கே வரும் கார்டு எதிரி அல்ல, தடை. இதே தடைதான் பிறகு நைன் ஆஃப் கப்ஸின் மேடையில் கிண்ணமாக மாறப்போகிறது. சேர்த்து வைப்பவர் சேர்த்துவிடுவார். முன்னால் வந்த நைட் ஆஃப் பென்டக்கிள்ஸும் அதைத்தான் சொல்கிறார். நான்கு நைட்களில் இவருடைய குதிரை மட்டும்தான் நான்கு காலும் தரையில் ஊன்றி நிற்கிறது. பின்னால் உழுத நிலம். வேகம் கிடையாது, வாக்கு மாறுவதும் கிடையாது. வீடு வரும், உங்கள் பொறுமை விரும்பும் வேகத்தில் வராது.

இந்த இரண்டு பென்டக்கிள்ஸ் கார்டுகளும் சேர்ந்து ஒரு விஷயத்தை உறுதி செய்கின்றன. நைன் ஆஃப் கப்ஸின் திருப்தி உங்களுக்கு எந்த வழியாக வரும் என்பது. அது பொருள் வழியாக, நிதானமாக, ஒருவரின் உழைப்பின் மேல் வரும். இந்த வகைத் திருப்தி நிலையானதா என்றால், மற்ற வழிகளில் வருவதை விட நிலையானது என்பேன். ஒருவேளை இவற்றின் இடத்தில் செவன் ஆஃப் கப்ஸோ டெவிலோ வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். மேகத்தில் மிதக்கும் ஏழு கிண்ணங்களிலிருந்து ஒன்பது கிண்ணங்களுக்கு வந்தால், அது ஆசையின் மயக்கம் சில மாதம் நீடிக்கும் கதை. டெவிலிலிருந்து வந்தால், விட முடியாத பழக்கத்தையே திருப்தி என்று எண்ணிக்கொள்ளும் கதை. இரண்டிலும் அதே மனிதர் அதே சிரிப்போடுதான் உட்கார்ந்திருப்பார்.

சிலர் நீலத் துணியைக் காட்டி, அதன் பின்னால் ஏதோ மறைத்து வைத்திருக்கிறார் என்று பலன் சொல்வதுண்டு. வெய்ட்டின் விளக்கத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. விரிப்பில் மூன் கார்டோ, வாள்களைத் தூக்கிக்கொண்டு நழுவும் செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸோ இருந்தால் அந்தத் துணியை நானும் ஒருமுறை உற்றுப் பார்ப்பேன். உங்களுக்கு இரண்டும் இல்லை. துணி வெறும் துணிதான்.

இப்போது விரிப்பின் முதுகெலும்புக்கு வருகிறேன். எய்ட் ஆஃப் கப்ஸ் பின்னால், நைன் ஆஃப் கப்ஸ் முடிவில், டென் ஆஃப் கப்ஸ் மேலே. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒரே விரிப்பில் வருவது அடிக்கடி பார்ப்பதல்ல. எட்டில் ஒருவர் அடுக்கி வைத்த கிண்ணங்களை விட்டுவிட்டு, நிலவொளியில் கோலூன்றி மலைப் பக்கம் நடக்கிறார். மேல் வரிசையில் ஒரு கிண்ணத்துக்கான இடம் காலியாக இருக்கும், அடுத்த முறை பாருங்கள். ஏதோ குறைகிறது என்று போகிறவர் அவர். இது உங்கள் கடந்த கால இடத்தில் இருப்பதால், போதாது என்று ஒன்றை விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். அது முந்தைய உறவா, ஊரா, வேலையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்பதில் அந்தக் குறை தீர்ந்து கிண்ணங்கள் முழு வரிசையாக நிற்கின்றன. ஆகவே இந்த முறை பாதியில் எழுந்து போக மாட்டீர்கள். நிலைப்பதற்கு இது ஒரு நல்ல சான்று. நைன் ஆஃப் கப்ஸ் தனியாக வந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

மேலே இருக்கும் பத்து என்ன சொல்கிறது? மூன்றாவது இடம் கேட்டவரின் இலக்கு அல்லது இன்றைய சூழலில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்தது, ஆனால் இன்னும் நடைமுறைக்கு வராதது. வானவில் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. போக்கு மாறாமல் போனால் நீங்கள் வந்து நிற்பதோ ஒன்பதில், ஒரு கிண்ணம் குறைவாக. அந்த ஒரு கிண்ணம்தான் உங்கள் கேள்வியில் இருக்கும் ‘நிலையான’ என்பது. உங்கள் திருப்திக்கும் இருவரின் திருப்திக்கும் இடையே உள்ள தூரம் என்றும் சொல்லலாம். அது கிடைக்காது என்று விரிப்பு சொல்லவில்லை. கிடைக்கக்கூடியது என்று மேலே வைத்தே காட்டுகிறது. தானாக வராது என்றுதான் சொல்கிறது.

ஏன் தானாக வராது? ஏழாவது இடத்தைப் பாருங்கள். அது நீங்கள், உங்கள் நிலைப்பாடு. ஃபோர் ஆஃப் கப்ஸ். மரத்தடியில் ஓர் இளைஞன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முன்னால் மூன்று கிண்ணங்கள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் கவனிக்கவில்லை. சலிப்பின் கார்டு. இப்போது முடிவுக் கார்டை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் கைகள் கட்டியே இருக்கின்றன. நான்கில் அதிருப்தியோடு கட்டிய கை, ஒன்பதில் திருப்தியோடு கட்டிய கை. கிண்ணங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, உட்கார்ந்திருக்கும் விதம் மாறவில்லை. நான்கில் நீட்டப்படும் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை, ஒன்பதில் கிண்ணங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. இரண்டிலும் வாங்கவோ கொடுக்கவோ கை நீளவில்லை. டூ ஆஃப் கப்ஸில் தொடங்கிய விரிப்பு இது, அங்கே இருவருமே கை நீட்டியிருந்தார்கள். எனக்குக் கவலை தரும் ஒரே இடம் இந்த விரிப்பில் இதுதான்.

நடைமுறையில் இதன் பொருள் இப்படி இருக்கலாம். அவர் உழைத்து வீட்டைக் கொண்டு வருகிறார், நீங்கள் காத்திருந்து பெற்றுக்கொள்கிறீர்கள். கிடைத்ததும் திருப்தி. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் நீட்டிய சின்னச் சின்னக் கிண்ணங்களைக் காத்திருப்பின் எரிச்சலில் நீங்கள் கவனிக்கவில்லை. வீடு வந்த பிறகு அவருக்கு என்ன நிறைவு என்பதும் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் கேள்வியின் அமைப்பிலேயே இதன் சாயல் இருக்கிறது: உறவு எனக்குத் தருமா? வாங்குகிறவர் இருக்கையில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு, இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் கார்டு பதிலாக வந்திருக்கிறது.

கீழே வந்த சிக்ஸ் ஆஃப் கப்ஸும் எட்டாவதான ஹைரோஃபன்ட்டும் துணைப் பாத்திரங்கள். ஆறில் பழைய தோட்டத்தில் பூ வைத்த கிண்ணங்களோடு சிறுவர்கள். மனநிறைவு என்றால் என்ன என்பதற்கு உங்களிடம் இருக்கும் அளவுகோல் சிறு வயது வீட்டிலிருந்து வந்தது. மதகுருவின் கார்டான ஹைரோஃபன்ட் சுற்றத்தின் இடத்தில் வந்திருப்பது, இரு வீட்டுப் பெரியவர்களும் முறைப்படி எல்லாம் செய்துவைப்பார்கள் என்பதற்கு. சம்மதம் கிடைத்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி, வராததைப் பார்க்க வேண்டும். பத்துக் கார்டுகளில் ஆறு கப்ஸ், இரண்டு பென்டக்கிள்ஸ், ஒரு வாண்ட்ஸ், மேஜர் வரிசையிலிருந்து ஹைரோஃபன்ட் ஒன்று. ஸ்வோர்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. ஸ்வோர்ட்ஸ் என்றால் சண்டை, பிரிவு என்று பயந்து, அது வராததை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் அது பேச்சின் வரிசையும்தான்: தெளிவாகக் கேட்பது, முகத்துக்கு நேராகச் சொல்வது, முடிவெடுப்பது. உறவு பற்றிய விரிப்பில் உணர்வு ஆறு பங்கும் பேச்சு பூஜ்யமுமாக இருந்தால், இருவரும் நிறைய உணர்கிறார்கள், எதையும் வாய்விட்டுப் பேசியதில்லை என்று அர்த்தம். தவணையில் யார் பங்கு எவ்வளவு, திருமணத்துக்குப் பிறகு அவருடைய பெற்றோர் உங்களோடு இருப்பார்களா, உங்கள் வேலை எந்த ஊரில் தொடரும், வீடு கிடைக்கத் தாமதமானால் திருமணத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டா? இவற்றில் எத்தனைக்கு அவருடைய பதில் உங்களுக்குத் தெரியும்? அவருக்கு என்ன இருந்தால் மனம் நிறையும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவர் மனதை அறிய இன்னொரு விரிப்பு போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. எதிரில் இல்லாதவரின் மனத்தைக் கார்டு வழியாகப் படிப்பதை நான் தவிர்த்துவிடுவேன். கேட்பவரின் அச்சமே அங்கே படமாக விழும். ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து நேராகக் கேட்டால் கிடைக்கும் பதிலை விட அது நம்பகமானதும் அல்ல.

இந்த இடத்தில் ஜாதகத்தோடு ஒரு வேறுபாடு. பத்துப் பொருத்தம் பார்க்கும்போது இருவரின் நட்சத்திரமும் ராசியும் மேசையில் இருக்கின்றன. ரஜ்ஜு, வேதை என்று எதைப் பார்த்தாலும் இரண்டு பேரையும் வைத்தே கணக்கு. டாரட் விரிப்பு அப்படி அல்ல. அது பிரசன்னத்துக்கு நெருக்கமானது. கேட்டவர் ஒருவர், கேட்ட நேரம் ஒன்று. அதனால் பொருத்தம் சொல்ல வேண்டியதை டாரட்டிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ராசிக் கணக்கும் சிலரைக் குழப்புகிறது. கோல்டன் டான் முறையில் நைன் ஆஃப் கப்ஸ் மீனத்தின் நடுப் பத்துப் பாகைகளில் இருக்கும் குருவுக்குரியது. எட்டு அதே மீனத்தில் சனிக்கு, பத்து செவ்வாய்க்கு. மீனம் குருவின் ஆட்சி வீடு என்பதால் ஒன்பதுக்கு இவ்வளவு நிறைவு. இதுவரை நம் முறைக்கும் ஒத்துப்போகிறது. அதைத் தாண்டினால் ஒத்துப்போகாது. ராசியை மூன்றாகப் பிரிக்கும் நம் திரேக்காணக் கணக்கில் மீனத்தின் நடுப்பகுதி கடகத்துக்கு, அதாவது சந்திரனுக்குப் போகும். அந்தப் பாகைகளில் சூரியன் இருப்பதும் அவர்களுடைய சாயன முறையில் மார்ச் முதல் பத்து நாட்கள் வாக்கில், நம் பஞ்சாங்கப்படி பங்குனி நடுவில். இதை வைத்து ‘மார்ச்சில் முகூர்த்தம்’ என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். எனக்கு இந்தக் கார்டைக் காலக் கணக்குக்குப் பயன்படுத்துவதில் நம்பிக்கையில்லை. கெல்டிக் கிராஸ் ஒன்று எவ்வளவு காலத்துக்குப் பேசும் என்றால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை என்றே நான் வைத்துக்கொள்வேன். ஆயுள் முழுவதற்குமான ‘நிலையான’ என்பது எந்த விரிப்பின் எல்லைக்குள்ளும் வராது.

கார்டு தலைகீழாக வந்திருந்தால்? இன்று பலரும் அதற்குச் சொல்லும் பலன் விருப்பம் கைகூடாமை, அளவு மீறிய நுகர்ச்சி. வெய்ட் எழுதியதோ வேறு: உண்மை, விசுவாசம், விடுதலை என்று சொல்லிவிட்டு, பிழைகள், குறைபாடுகள் என்றும் பலன்கள் வேறுபடுகின்றன என்கிறார். உறவின் ஆயுளைக் கேட்கும்போது அந்த ‘விசுவாசம்’ நேரான பலனை விட ஒரு படி மேலானது என்று எனக்குப் படும். உங்களுக்கு நேராக வந்ததால் இது இங்கே தேவையில்லை. தோழிக்கு அடுத்த முறை உதவும்.

இனி செய்ய வேண்டியது. இன்றிரவே மறுபடி குலுக்கி அதே கேள்வியைக் கேட்காதீர்கள். டென் ஆஃப் கப்ஸ் முடிவில் விழும் வரை குலுக்குகிறவர்களை எனக்குத் தெரியும். நடுவில் ஒரு டவர் விழுந்தால் அவர்களுக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விடுகிறது. முதலில் அவரோடு அந்தப் பேச்சு நடக்கட்டும். அதற்குப் பிறகு, பத்தாவது கார்டு இறுதியான பதிலைத் தராதபோது செய்வதற்கென்று வெய்ட்டே ஒரு வழி சொல்லியிருக்கிறார். அதைச் செய்யுங்கள். பத்தாவது கார்டையே கேட்பவரின் அடையாளக் கார்டாக எடுத்து நடுவில் வைத்து, மீதியைக் கொண்டு மறுபடி விரிப்பது. அதாவது நைன் ஆஃப் கப்ஸைக் கட்டிலிருந்து எடுத்து நிமிர்த்தி நடுவில் வையுங்கள். மீதி 77 கார்டுகளைக் குலுக்கி, மூன்று முறை வெட்டி, அதன் மேலேயே முதல் கார்டைப் போட்டு, வழக்கம்போல் பத்தும் விரியுங்கள். கேள்வி இந்த முறை ‘தருமா’ என்று இருக்க வேண்டாம். ‘இந்த நிறைவு வந்த பிறகு அதை இருவருக்குமாகத் தக்கவைக்க என்னிடமிருந்து என்ன தேவைப்படும்?’ என்று கேளுங்கள்.

அந்த விரிப்பில் நைன் ஆஃப் கப்ஸை மூடும் முதல் கார்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இரண்டு கிண்ணங்களுக்கிடையே நீரை ஊற்றும் டெம்பரன்ஸோ, தாத்தாவும் தம்பதியும் குழந்தையும் நாய்களும் ஒரே வளைவுக்கடியில் இருக்கும் டென் ஆஃப் பென்டக்கிள்ஸோ மூடினால், நிறைவு ஒருவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மறுபடி ஃபோர் ஆஃப் கப்ஸ் வந்தால், கை இன்னும் கட்டியே இருக்கிறது. ஸ்வோர்ட்ஸ் ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள். முதல் விரிப்பில் இல்லாத பேச்சு வந்து சேர்ந்திருக்கிறது. அது ஏஸா, மூன்றா என்று பார்த்து, பேச்சு தெளிவைத் தந்ததா, புண்படுத்தியதா என்று மட்டும் கவனியுங்கள்.